வந்து சேராத 14 விலைப்பட்டியல்கள்

ஹைதராபாத், உப்பல் தொழிற்பேட்டையில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்று எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். உரிமையாளர் கோவைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். அவருக்கு 40 இலட்சம் ரூபாய் ரொக்கக் கடன் வரம்பு இருந்தது. 2024ஆம் ஆண்டு அதனைப் புதுப்பிக்கும் வேளையில் 48 இலட்சமாக உயர்த்தித் தருமாறு விண்ணப்பித்திருந்தார். முந்தைய நிதியாண்டில் வரி நீங்கலாக அவர் காட்டிய விற்பனை 2 கோடியே 40 இலட்சம். அடுத்த ஆண்டுக்கும் அதே அளவையே எச்சரிக்கையாகக் கணித்திருந்தார்.

சிறு, குறு தொழில்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதன வரம்பை, கணிக்கப்படும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்ற அளவில் கணக்கிடலாம் என்பது நடைமுறையிலுள்ள நெறி. 2 கோடியே 40 இலட்சத்தில் 20 சதவீதம் 48 இலட்சம். ஆகவே அவர் கேட்டது நியாயமான தொகையே.

ஆனால் இணையதளம் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்த விலைப்பட்டியல்களைக் கூட்டிப் பார்த்தபோது 1 கோடியே 98 இலட்சம் மட்டுமே தேறியது. அதில் 20 சதவீதம் 39 இலட்சத்து 60 ஆயிரம். உயர்வு கிடைக்காது என்பது ஒருபுறமிருக்க, இருக்கும் 40 இலட்சத்திற்கே அது போதவில்லை. வரிக் கணக்கில் ஒரு விற்பனையையும் பட்டியல்களில் வேறொரு விற்பனையையும் காட்டும் விண்ணப்பத்தை எந்தக் கடன் அதிகாரியும் ஐயத்தோடுதான் பார்ப்பார். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அழைத்துக் கேட்டபோது உரிமையாளர் திகைத்துப் போனார். “சார், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம். ஆடிட்டர் அலுவலகத்திலும் சரிபார்த்துத்தான் ஏற்றினார்கள்” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. அனுப்பியது 186, வந்தது 172. இடையில் 14 பட்டியல்கள் எங்கே போயின என்பதைத் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

முதலில், எவை வரவில்லை என்பதைக் கண்டறிய வேண்டியிருந்தது. இதற்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணை உதவியது. அந்தக் காலத்தில் வழங்கப்பட்ட ஆவணங்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, இரத்தானவை எத்தனை என்பதை அந்த அட்டவணையில் குறிக்க வேண்டும். அதன்படி 0001 முதல் 0186 வரை, இரத்து ஏதுமில்லை. வந்தவற்றை எண் வரிசையில் அடுக்கியவுடன் இடைவெளிகள் தாமாகவே தெரிந்தன. ஜூன் மாதத்தில் அடுத்தடுத்து நான்கு, அக்டோபரில் ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரையிலான கடைசிக் காலாண்டில் ஒன்பது. எவரேனும் மறைக்க நினைத்திருந்தால் இப்படி மறைத்திருக்கமாட்டார். ஏதோ ஓர் இயந்திரக் காரணம் இருக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

கோப்புகள் வந்த வழியைக் கேட்டறிந்தோம். உரிமையாளரின் மகன் தம் மேக் மடிக்கணினியில் ஒன்று தவிர எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டி, ஜிப் கோப்பாகச் சுருக்கி, ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். ஆடிட்டரின் உதவியாளர் அதனைத் தம் விண்டோஸ் கணினியில் விரித்தார். விரித்ததிலிருந்து எங்கள் இணையதளத்தில் பதிவேற்றினார். ஆக மூன்று இடங்கள். கோப்பின் பெயரில் எது ஆகும், எது ஆகாது என்பதில் ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிச் சட்டம் உண்டு.

கடைசிக் காலாண்டின் ஒன்பது பட்டியல்களை முதலில் எடுத்துக்கொண்டோம். பணமதிப்பில் பெரிய பங்கு அவற்றில்தான் இருந்தது. அவற்றுள் ஒன்று உதவியாளரின் கணினியில் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது என்பதைக் காட்டும் முழு முகவரி இது. கணினித் துறையில் இதனைப் பாதை என்பர்.

```
C:\Users\Accounts-Desk-02\Documents\Clients Bank Loan Papers\Cash Credit Renewal Documents Final\Cash Credit Renewal Documents Final\Sales Invoices April 2023 to March 2024\Quarter 4 January to March\Tax Invoice 0171 dated 14 March 2024 Pump Spares Supply with Delivery Challan.pdf
```

எழுத்து, இடைவெளி, சாய்கோடு எல்லாவற்றையும் எண்ணினால் 281 வருகிறது. விண்டோஸ் கணினியில் வழக்கமான மென்பொருள்கள் ஏற்கும் பாதையின் நீளம் 260. அதிலும் ஓரிடம் முடிவுக் குறிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் நமக்குக் கிடைப்பது 259. கோப்பின் பெயர் மட்டுமன்றி, அது இருக்கும் கோப்புறை, அக்கோப்புறை இருக்கும் கோப்புறை எனத் தொடக்கத்திலுள்ள `C:` வரை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பெயர் 81 எழுத்துதான். அதனைத் தாங்கும் கோப்புறைகள் 200 எழுத்தை விழுங்கிவிட்டன.

பாதையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். `Cash Credit Renewal Documents Final` என்பது இரண்டு முறை வருகிறது. எவரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. மேக் கணினியில் ஒரு கோப்புறையைச் சுருக்கினால் அந்தக் கோப்புறையும் ஜிப்புக்குள் சேர்ந்தே போகும். விண்டோஸில் அந்த ஜிப்பை விரிக்கச் சொன்னால், ஜிப்பின் பெயரிலேயே ஒரு புதிய கோப்புறையை உண்டாக்கி அதற்குள் விரிக்கும். பெட்டிக்குள் அதே பெயரில் இன்னொரு பெட்டி. இந்த ஒரே காரணத்தால் 36 எழுத்துகள் கூடின. அவை இல்லையெனில் நீளம் 245, சிக்கலின்றி உட்கார்ந்திருக்கும்.

அதே கோப்புறையிலிருந்த மற்றப் பட்டியல்கள் மட்டும் எப்படித் தப்பின? பெயர் 59 எழுத்துக்குள் இருந்தவை 259 என்ற வரம்பைத் தாண்டவில்லை. பெரிய சரக்குகளோடு டெலிவரி சலான் சேர்த்து அனுப்புவது அந்தத் தொழிற்கூடத்தின் வழக்கம். சலானும் உள்ளே இருக்கிறது என்பதைப் பெயரிலேயே எழுதி வைப்பது மகனின் நல்ல பழக்கம். அதனால் பெரிய தொகைகளுக்கே நீண்ட பெயர் அமைந்தது. பெரிய தொகைகளே விடுபட்டன. 14 பட்டியல்கள்தாம் குறைவு என்றாலும் 42 இலட்சம் குறைந்தது இதனால்தான்.

விண்டோஸ் எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தது. விரிக்கும்போது `Error 0x80010135: Path too long` என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. அதன் கீழே `Try again`, `Skip`, `Cancel` என்று மூன்று பொத்தான்கள். மீண்டும் முயன்றால் அதே செய்தி. கைவிட்டால் வேலை நின்றுவிடும். எனவே உதவியாளர் `Skip` என்பதை அழுத்தினார். எல்லாவற்றுக்கும் இதையே செய் என்னும் கட்டத்திலும் குறியிட்டுவிட்டார். அதன்பின் செய்தி ஏதும் வரவில்லை. ஒன்பது கோப்புகள் அவருடைய கணினிக்குள்ளேயே வரவில்லை. வராத கோப்பை எங்கள் இணையதளம் எப்படிக் கேட்கும்? கண்முன் இருந்ததை அது முழுமையாக ஏற்றிக்கொண்டு, ஏற்றம் நிறைவடைந்தது என்று பச்சைக் குறியும் காட்டிற்று.

விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இந்த வரம்பைத் தளர்த்தும் அமைப்பு ஒன்று உண்டு. ஆயினும் அதனை நாமே இயக்கிவைக்க வேண்டும். பயன்படுத்தும் மென்பொருளும் அதற்கு இசைந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நம் வேலைக்கு அதனை நம்பியிருக்க முடியாது. ஒன்டிரைவ் போன்ற மேகக் கிடங்குகளில் வரம்பு 400 எழுத்து. அங்கே நலமாக இருக்கும் கோப்பு கணினிக்கு இறங்கும்போது இறங்க மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வேறுபாடே.

இனி ஜூன் மாதத்து நான்கு பட்டியல்கள். அந்த வாரத்தில் பில் போடும் மென்பொருள் பழுதுபட்டிருந்தது. கையால் எழுதிய பட்டியல்களை மகன் ஒளிநகல் எடுத்து, பட்டியல் எண்ணையே கோப்பின் பெயராக இட்டிருந்தார்: `SV/23-24/0047` என்பது போல. சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 46ஆவது விதி, விலைப்பட்டியலின் வரிசை எண் 16 குறிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்துகளும் எண்களும் மட்டுமன்றி சிறு கோட்டையும் சாய்கோட்டையும் அதில் பயன்படுத்த அனுமதிக்கிறது. நம் வணிகர்களில் பலர் நிதியாண்டைப் பிரித்துக் காட்டச் சாய்கோட்டையே பயன்படுத்துகின்றனர். அது வரிச் சட்டத்திற்கு முற்றிலும் ஏற்புடையது. கணினிக்கோ ஆகாது. கோப்புறைக்கும் அதனுள் இருப்பதற்கும் இடையே நிற்கும் எல்லைக்கோடு அதுவே என்பதால், விண்டோஸ் அதனைக் கோப்பின் பெயரில் தட்டச்சு செய்யவே விடாது. விண்டோஸில் தடுக்கப்பட்ட குறிகள் ஒன்பது:

```
\ / : * ? " < > |
```

மேக் கணினி இங்கே ஒரு சமாதானம் செய்துவைத்திருக்கிறது. பெயரில் சாய்கோட்டைத் தட்டச்சு செய்ய அனுமதிக்கும். திரையிலும் சாய்கோடாகவே காட்டும். உள்ளே வட்டில் எழுதும்போது மட்டும் முக்காற்புள்ளியாக மாற்றி எழுதிக்கொள்ளும். ஜிப் கோப்பில் போவது அந்த முக்காற்புள்ளி. விண்டோஸ் பக்கம் வந்தால் அதுவும் தடுக்கப்பட்ட குறி. இத்தகைய ஜிப்பை விரிக்கும் மென்பொருள்களில் சில அந்தக் குறியை அடிக்கோடாக மாற்றிக்கொள்ளும். சில பிழை காட்டும். சில அந்தக் கோப்பைக் கண்ணிலேயே காட்டாது. உதவியாளரின் கணினியில் நேர்ந்தது கடைசி வகை.

இதற்குத் தீர்வு, கோப்பின் பெயரில் மட்டும் சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறு கோட்டை இடுவது: `SV-23-24-0047.pdf`. பட்டியலில் அச்சிட்ட எண்ணையோ ஜிஎஸ்டிஆர்-1இல் பதிந்த எண்ணையோ மாற்றிவிடக் கூடாது. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டியவை. கோப்பின் பெயர் வெறும் மேலுறை.

தடுக்கப்பட்ட குறி எதுவும் இல்லாமலேயே மறுக்கப்படும் பெயர்களும் சில உண்டு. `CON` என்ற பெயரில் விண்டோஸில் கோப்புறை உண்டாக்க முடியாது. அதனை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாராலேயே விளக்க முடியவில்லை என்று ஒரு சங்கிலி மின்னஞ்சல் பல ஆண்டுகள் நம்மிடையே சுற்றி வந்தது வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். விளக்கம் எளிது. டாஸ் காலத்தில் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த முனையத்திற்கு `CON` என்றும், அச்சுப்பொறிக்கு `PRN` என்றும், துணைக் கருவிக்கு `AUX` என்றும் பெயர் இட்டனர். பழைய மென்பொருள்கள் கெடாதிருக்க அப்பெயர்களை இன்றும் ஒதுக்கியே வைத்திருக்கின்றனர். ஒப்பந்தக்காரர் பில்களை மேக் கணினியில் `CON` என்னும் கோப்புறையில் வைத்து அனுப்புவோருக்கு இது விளையாட்டுச் செய்தியன்று.

எஞ்சியது அக்டோபரின் ஒன்று. காவிரிக்கரைக் கொடுமுடியில் இருக்கும் ஒரு வணிகருக்கு அனுப்பிய சரக்கின் பட்டியல் அது. அந்த ஊருக்கு இரண்டு பட்டியல்கள் போயிருந்தன. இரண்டுக்கும் தமிழிலேயே ‘கொடுமுடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றை உரிமையாளர் கைபேசியில் பெயரிட்டு நேரே உதவியாளருக்கு அனுப்பினார், அவர் அதனை விரித்த கோப்புறையிலேயே சேர்த்திருந்தார். மற்றது மகனின் பழைய மேக் வட்டிலிருந்து வந்தது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கக் கூடாதல்லவா? ஆனால் இருந்தன. உதவியாளர் அதனைக் கண்டு, தவறுதலாக இருமுறை வந்த பிரதி என்று எண்ணி ஒன்றை நீக்கிவிட்டார்.

அவை கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. யூனிகோடு முறையில் ‘கொ’ என்னும் எழுத்தை இரண்டு வகையில் எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை முழுதாக ஒரே குறியாக இடுவது ஒருவகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறிகளாக இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இரண்டாம் வகையில் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த புதிய முறைமை கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே நடத்தும். ஒ, ஓ, ஔ ஆகிய மூன்று உயிர்மெய் வரிசைகளிலும் இது நேரும். தமிழ்ப் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்முன் இருக்கிறது என்று எவரேனும் முறையிட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. ஒரே பெயரில் இரண்டைக் கண்டால் நீக்குமுன் அளவையேனும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் வேறு என்பது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் பெயரிடுவதில் நீளக் கணக்கும் மாறும். ‘கொடுமுடி’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது 8 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் என்பதால் 24 பைட். இணைய முகவரிக்குள் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும், ஆக 72. லினக்ஸ் வழங்கிகள் பலவற்றில் கோப்பின் பெயருக்கு வரம்பு 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழிலோ தெலுங்கிலோ சுமார் 80 குறிகள்தாம். தாய்மொழியில் பெயரிட வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. நம் கணினியில் நம் வசதிக்கு எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பிறருக்கு அனுப்பும் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

காரணங்கள் தெரிந்துவிட்டன. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் சரிபார்த்ததாகச் சொன்னார்களே, அது என்னவாயிற்று? விரித்த கோப்புறையில் எத்தனை கோப்புகள் என்று உதவியாளர் பார்த்திருக்கிறார். 300க்கு மேல் காட்டியிருக்கிறது. அனுப்பியது 186 என்று தெரிந்திருந்தும், கூடுதலாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். அந்தக் கூடுதல் வெறும் நிழல். மேக் கணினியில் உண்டாக்கிய ஜிப்பை விண்டோஸில் விரித்தால் `__MACOSX` என்று ஒரு தனிக் கோப்புறை வரும். அதனுள் பல கோப்புகளுக்கு `._` என்று தொடங்கும் ஒரு சிறு இரட்டை இருக்கும். மேக் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் இடம் அது. அவற்றையும் சேர்த்து எண்ணினால் குறைவு மறைந்துபோகும். எனவே அந்தக் கோப்புறையை நீக்கிய பின்னரே எண்ண வேண்டும்.

இரண்டாம் முறை அனுப்பியபோது என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சாய்கோடு இருந்த நான்கு பெயர்களையும் கொடுமுடிப் பெயர்கள் இரண்டையும் மகன் தம் கணினியிலேயே மாற்றிப் புதிதாக ஜிப் செய்தார். உதவியாளர் அதனை மேசையிலோ ஆவணக் கோப்புறையிலோ விரிக்காமல், `C:\L` என்று ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, விரிக்க வேண்டிய இடமாக அதனையே கொடுத்தார். 0171ஆம் பட்டியலின் பாதை 281இலிருந்து 189ஆகக் குறைந்தது. பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. `__MACOSX` கோப்புறையை நீக்கிய பின், கட்டளைச் சாளரத்தைத் திறந்து இம்மூன்று வரிகளைக் கொடுத்தார்.

```
cd /d C:\L
chcp 65001
dir /s /b *.pdf > list.txt
```

முதல் வரி அந்தக் கோப்புறைக்குள் செல்கிறது. இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாதிருப்பதற்கு. மூன்றாவது, உள்ளே எத்தனை அடுக்கில் இருந்தாலும் எல்லாப் பிடிஎஃப் கோப்புகளின் முழுப் பாதையையும் வரிக்கு ஒன்றாக `list.txt` என்னும் கோப்பில் எழுதுகிறது. அதனை நோட்பேடில் திறந்து, நகலெடுத்து, எக்செலில் முதல் நெடுவரிசையில் ஒட்டினார். வரிகள் 186. அடுத்த நெடுவரிசையில் `=LEN(A1)` என்னும் சூத்திரத்தைக் கீழ்வரை இழுத்ததும் ஒவ்வொரு பாதையின் நீளமும் தெரிந்தது. மிக நீண்டதை மேலே வரிசைப்படுத்திப் பார்த்தார். வேறு கணினிக்கோ மேகக் கிடங்குக்கோ நகர்த்துவதாயின், அங்கே முன்னால் சேரவிருக்கும் கோப்புறைப் பெயர்களின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 200ஐத் தாண்டிய எதையும் அப்போதே சுருக்கிவிடுவது நலம் என்பது எங்கள் கருத்து.

பதிவேற்றிய பின் இணையதளம் காட்டும் எண்ணிக்கையை இந்த 186ஓடு ஒப்பிட்டார். எங்கள் தளத்தில் அந்த எண்ணிக்கை பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கிறது. பச்சைக் குறி பெரிதாக இருக்கிறது. இதனை எங்கள் தலைமையிடத்துக்கு எழுதியிருக்கிறோம்.

கூட்டுத்தொகை 2 கோடியே 40 இலட்சத்தில் வந்து நின்றது. வரம்பு 48 இலட்சமாக உயர்ந்தது. இடையில் பதினொரு நாட்கள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டுக்கான பட்டியல்களை மகன் இப்போது `0001_2024-04-02.pdf` என்ற முறையில் சேமிக்கிறார். சலான் உண்டா இல்லையா என்பதைத் தனியே ஓர் எக்செல் ஏட்டில் குறித்துவைக்கிறார். கொடுமுடிப் பட்டியல்கள் மட்டும் வீட்டுப் பிரதியில் இன்னும் தமிழிலேயே இருக்கின்றன, எண்ணோடு சேர்த்து.